கடாரத்து அரசனின் விகாரமும் ஆனைமங்கலத்து நெல்லும்

காரைக்காலில் பஸ் ஏறினால் திருமலைராயன்பட்டினம் தாண்டி, வாஞ்சூரில் புதுச்சேரி எல்லை முடிந்துவிடுகிறது. அடுத்து நாகூர் தர்கா மினாராக்கள். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால், நாகைக்கு வடக்கே மொட்டையாக நின்ற செங்கல் கோபுரம் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். கப்பல்காரர்கள் கரையை அடையாளம் கண்டதும் அதை வைத்துத்தான். வெள்ளைக்காரர்கள் அதைச் சீனக் கோபுரம் என்றார்கள். உண்மையில் அது சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்களின் சூளாமணி விகாரத்தோடு சேர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அந்த அரசர்கள் சைலேந்திர குலத்தவர். ஜாவாவில் போரோபுதூரை எழுப்பிய அதே குலம். 778-இல் அங்கே கலசானில் தாரா தேவிக்குக் கோயில் எடுத்தபோது, கோயிலோடு ஒரு கிராமத்தையும் பிக்குகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோயில் கட்டுவது அரசனுக்குப் புண்ணியம். அது நிலைத்து நிற்க நிலம் வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில் இந்தக் குலத்து பாலபுத்ரதேவன் நாளந்தாவில் மடம் கட்டியபோது, அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தவர் வங்கத்துப் பால மன்னர் தேவபாலர். அயல்நாட்டில் கட்டடத்தை விருந்தாளி எழுப்பலாம், நிலத்தை அந்த நாட்டு அரசன்தான் தர முடியும்.

நாகையிலும் இதுவே நடந்தது. சோழர்கள் கடாரத்து அரசன் என்று குறித்த ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் விகாரத்தை எடுப்பித்துக்கொண்டிருப்பதாக ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி சொல்கிறது. அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தை பெயரால் எழுப்பியதாக வடமொழிப் பகுதி சொல்கிறது. அப்பன் தொடங்கி மகன் முடித்த வேலை என்று கொள்ளலாம். சைவரான ராஜராஜ சோழர் தமது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், இந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஊரைக் கொடுப்பது என்றால் உழுதவர்களை விரட்டுவதல்ல. அரசன் பண்டாரத்துக்கு வர வேண்டிய நெல் இனி விகாரத்துக்குப் போகும், அவ்வளவுதான். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மேல். அரசன் வாயால் சொன்ன ஆணை ஓலையில் ஏறி, அதிகாரிகள் கையெழுத்திட்டு, நாட்டாருக்குப் போனது. பிறகு ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம், யார் நிலத்துக்கு மேற்கே என்று செப்பேடு அடி அடியாக எழுதிக்கொண்டே போகிறது. கீழ்வேளூர் பக்கம் இருக்கும் அந்த ஊரில் இன்றும் வயல்தான். வரப்பில் நின்ற பெரியவர், "இந்த ஊர் நெல்லு கப்பல்காரன் கோயிலுக்குப் போச்சாமே தம்பி, நெசமா?" என்று கேட்டார். நிஜம்தான் ஐயா என்றேன்.

ராஜராஜர் கொடுத்ததைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவர் மகன் ராஜேந்திரர். 1025-இல் கடாரத்தின் மீது கப்பற்படையை அனுப்பி, அதன் அரசனைப் பிடித்தவரும் அவரே. ஆனால் அந்தப் போரோடு பள்ளிச்சந்தம் போய்விடவில்லை. 1090-இல் கடாரத்துத் தூதர் இருவர் வந்து கேட்க, முதற் குலோத்துங்கர் விகாரத்து ஊர்களுக்குச் சில வரிகளை நீக்கிச் சிறிய செப்பேடு ஒன்று எழுதிக் கொடுத்தார். பகை அரசர்களுக்குள், பள்ளியின் நிலம் பள்ளிக்கு.

ஸ்ரீவிஜயத்தாரும் தங்கள் பள்ளியோடு நிற்கவில்லை. ஸ்ரீவிஜய அரசனின் ஆட்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்குச் சீனக்கனகம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தன் சமயத்துக்கு விகாரம், துறைமுகத்து ஊரார் சாமிக்குப் பொன். வணிகம் நடக்க இரண்டும் வேண்டியிருந்தது.

கல் கிடைக்காத டெல்டாவில் நாகையின் அந்தக் கோபுரம் செங்கலால் ஆனது. 1846-இல் வரைந்த படத்தில் கூரை போன மூன்று நிலைச் சதுரக் கோபுரம் தெரிகிறது. 1867-இல் அரசாங்க அனுமதியோடு இயேசு சபையினர் அதை இடித்துவிட்டார்கள். செப்பேடுகள் டச்சுக்காரர்கள் வழியே லெய்டனுக்குப் போயின. மண்ணுக்குள் கிடந்த புத்தர் செப்புத் திருமேனிகள் 1856 முதல் முந்நூறுக்கு மேல் வெளிவந்தன; பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. போரோபுதூருக்கு டிக்கெட் எடுக்கும் முன் எழும்பூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். அதே பரம்பரை அரசர் இங்கே எழுப்பிய பள்ளியின் மிச்சம் அங்கே இருக்கிறது.