சோகமா? யாரு செத்தா?

'மன அழுத்தம்' என்ற சொல் வானொலியில் வந்தால் பெரும்பாலும் ஸ்ட்ரெஸ். அதே சொல் சில நாளிதழ்க் கட்டுரைகளில் டிப்ரஷன். எங்கள் கியா பார்மில் வயதானவர்கள் காதில் விழுந்தால் அது பிரஷர். "அழுத்தமா? அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடுறேனே" என்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

நான் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். மனநலத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு என் அத்தை மட்டும்தான். முப்பது வருஷம் தேயிலை கிள்ளிவிட்டு, இப்போது சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கிறார். போன வருஷம் பல மாதங்கள் தூக்கம் போய், கோயிலுக்குப் போவது நின்று, கடையில் வெறுமனே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். கிளினிக்கில் கவுன்சலரிடம் அனுப்பினார்கள். கவுன்சலர் மலாய்க்காரப் பெண், நல்ல பொறுமைசாலி. அத்தைக்கு மலாய் வரும், ஆனால் அது சந்தை மலாய். விலை சொல்லத் தெரியும், பேரம் பேசத் தெரியும், சண்டை போடவும் தெரியும். 'முரோங்' என்றால் என்னவென்று தெரியாது. நான் கூடப் போனேன்.

அங்கே கொடுத்த படிவத்தின் பெயர் டாஸ் 21. 1995இல் ஆஸ்திரேலியாவில் லொவிபாண்ட் என்ற பெயர்கொண்ட இருவர் வெளியிட்டது. இதன் மலாய் வடிவம் நம் நாட்டில் பரவலாகப் புழங்குகிறது. மொத்தம் 21 வாக்கியங்கள். ஏழு வாக்கியம் மனச்சோர்வுக்கு, ஏழு பதற்றத்துக்கு, ஏழு ஸ்ட்ரெஸ்ஸுக்கு. மூன்றும் கலந்து வரும். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தியது என்று 0 முதல் 3 வரை எண் போடவேண்டும். ஏழையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் அந்தப் பிரிவின் மதிப்பு. மனச்சோர்வுப் பிரிவில் 10 முதல் 13 வரை லேசு, 14 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இந்தப் படிவம் செய்கிற வேலையே மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான். மூன்றுக்கும் 'மன அழுத்தம்' என்றே தமிழில் சொன்னால் பிரிக்க என்ன மிச்சம்?

பதின்மூன்றாவது வாக்கியத்தில் முதல் தடங்கல். ஆங்கிலத்தில் மனம் தளர்ந்து சோர்ந்திருப்பதைச் சொல்வது. மலாயில் 'செடே டான் முரோங்'. நேராகத் தமிழாக்கினால் 'சோகமாகவும் மனச்சோர்வாகவும் இருந்தேன்'. அத்தை என்னைப் பார்த்தார். "சோகமா? யாரு செத்தா?"

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பேச்சுத் தமிழில் சோகத்துக்குக் காரணம் வேண்டும். கவலைக்கும் அப்படித்தான். மகனைப் பற்றிக் கவலை, கடனைப் பற்றிக் கவலை என்று கவலை எப்போதும் எதையாவது பற்றியது. காரணம் தெரியாமல் வருவதைத்தான் படிவம் தேடுகிறது, கவலை என்ற சொல் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 'சோர்வு' இன்னும் மோசம். காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவரிடம் சோர்வா என்று கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வார். உடம்புச் சோர்வை நினைத்து இரண்டு போட்டால், இரண்டால் பெருக்கும்போது அது நான்காகிறது. உண்மையில் 10 வாங்கவேண்டியவர் 14க்குப் போய்விடுவார். லேசு நடுத்தரமாகிவிடும், ஒரே ஒரு சொல்லால்.

எதிர்ப்பக்கம் டென்ஷன், மூட் அவுட் மாதிரியான சொற்கள். எல்லாருக்கும் புரியும். ஆனால் பேருந்து தாமதமானாலும் டென்ஷன்தான். அப்படிக் கேட்டால் "அது யாருக்குத்தான் இல்ல?" என்று பூஜ்யம் போட்டுவிட்டுப் போவார்கள்.

'மனநோய்' பக்கமே போகமுடியாது. எங்கள் வீட்டிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஈப்போ, அதற்கு அந்தப் பக்கம் தஞ்சோங் ரம்புத்தான். அங்குள்ள பகாகியா மருத்துவமனை 1911இலிருந்து இருக்கிறது. "உன்னை ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பது எங்கள் ஆட்கள் தலைமுறையாகச் சொல்லும் கேலி. மனம் என்ற எழுத்தோடு கோளாறு என்று ஒட்டினாலே அத்தைக்கு அந்த மருத்துவமனை கேட் கண்ணில் தெரிகிறது.

பிறகு நான் செய்தது சாதாரணம். அத்தை வீட்டில் தானாகச் சொன்ன வார்த்தைகளை நினைவுபடுத்தி, அவற்றை வைத்தே கேட்டேன். "மனசு பாரமா இருந்துச்சா, எதுலயும் பிடிப்பு இல்லாம?" உடனே பதில் வந்தது. பதற்றத்துக்கு "நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சா, கை நடுங்குச்சா, வாய் காஞ்சுச்சா?" இது என் கண்டுபிடிப்பு இல்லை, படிவத்தின் பதற்றப் பிரிவிலேயே வாய் உலர்தல், மூச்சுத் திணறல், கை நடுக்கம் எல்லாம் இருக்கின்றன. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு உடம்பைக் கேட்டால் தமிழ் சுலபமாக வருகிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்கு "சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தீங்களா, உக்காந்தாலும் மனசு ஆறலையா?"

சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 'புரிஞ்சுதா' என்று கேட்கக்கூடாது, எல்லாரும் புரிஞ்சுது என்பார்கள். "போன வாரத்துல அப்படி இருந்த ஒரு நாளச் சொல்லுங்க" என்று கேட்கவேண்டும். பாரம் என்றதற்கு அத்தை சொன்னது: "செவ்வாய்க்கிழமை வெள்ளைக்காரங்க சோளம் கேட்டாங்க, எனக்கு எந்திரிச்சுக் குடுக்கவே தோணல, இல்லன்னு சொல்லிட்டேன்." சோளம் எதிரிலேயே அடுக்கியிருந்ததாம். கவுன்சலர் பேனாவை எடுத்தது அப்போதுதான்.

இலங்கையில் இதற்கெல்லாம் வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடு, பதற்றத்துக்குப் பதகளிப்பு, கவுன்சலிங்குக்கு உளவளத்துணை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிய நூலின் பெயர் 'மனவடு'. போர் பார்த்த ஊரில் அந்தச் சொற்களுக்குத் தேவை இருந்தது. பதகளிப்பு எனக்கு ரொம்பப் பிடித்த சொல், உச்சரிக்கும்போதே படபடக்கிறது. ஆனால் அத்தையிடம் சொன்னபோது, "அது என்னப்பா, களி கிண்டுறதா?" என்றார். நல்ல சொல்லாக இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவர் அதோடு வாழ்ந்திருக்கவேண்டும்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இப்படி வாக்கியத்தை மாற்றிக் கேட்டபின் வரும் எண்ணை 10, 14 என்ற எல்லைகளோடு ஒப்பிடக்கூடாது. அளவுகோல் வேறு வாக்கியங்களுக்கு அளந்து வைத்தது. கவுன்சலரிடம் இதைச் சொன்னேன். அவர் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் 'மொழிபெயர்ப்பு வழி' என்று மலாயில் எழுதி, அத்தை சொன்ன சோளக் கதையையும் கீழே எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டால் அந்தக் கதைதான் எண்ணைவிடப் பயன்பட்டது.

டாஸ் 21இல் சாவைப் பற்றி நேரடிக் கேள்வி கிடையாது. கடைசி வாக்கியம் வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று தோன்றியதா என்பதோடு நிற்கிறது. கவுன்சலர் அதைத் தாண்டித் தானாகக் கேட்டார். இங்கேதான் சொந்தக்காரன் மொழிபெயர்ப்பது ஆபத்து. 'போய்ச் சேந்தா நல்லது' என்று எங்கள் வயதானவர்கள் இடுப்பு வலித்தாலே சொல்வார்கள், அதே வார்த்தையை உண்மையாகச் சொல்கிறவர்களும் உண்டு. மரியாதைக்காகக் கேள்வியை மழுப்பினால் பதிலும் மழுப்பலாகவே வரும். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று கவுன்சலர் எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் மாற்றாமல் கேட்டேன். "அத்தை, செத்துப் போயிடணும்னு நெனச்சீங்களா? அதுக்கு ஏதாவது வழி யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நெனச்சேன். வழியெல்லாம் யோசிக்கல" என்றார். பிறகு, "நீ வெளிய இரு தம்பி, மிச்சத்த நான் இந்தப் புள்ளைகிட்ட மலாய்லயே சொல்லிக்கிறேன்" என்றார். முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.