மே மாதத்தில் டர்பன்டைனும் தின்னர் மாதிரிதான்!

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் இருப்பது போன்ற ஒரு சின்ன பெயிண்ட் கடை. முன்னால் டப்பாக்கள், பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். அங்கே ஒரு பேரல் தின்னர், ஒரு பேரல் டர்பன்டைன். தின்னர் என்றால் கடைப் பையன்களுக்கே பயம் உண்டு. டர்பன்டைனை யாரும் கண்டுகொள்வதில்லை. பொங்கல் வரை அது சரிதான். சித்திரை பிறந்தால் கணக்கு மாறிவிடும்.

எரிவது திரவம் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவி. பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்புகிற குறைந்தபட்ச வெப்பநிலைதான் ஃப்ளாஷ் பாயின்ட். தின்னரில் சேரும் டொலுயினுக்கு இது 4 டிகிரி செல்சியஸ், அசிட்டோனுக்கு மைனஸ் 20. அதனால் தின்னர் மார்கழியிலும் பற்றும். பெயிண்ட் கடை டர்பன்டைனுக்கோ சுமார் 35 முதல் 40 டிகிரி. தை மாதம் தஞ்சையில் அந்தச் சூடு வருவதில்லை. மே மாதம் நிழலிலேயே 38 தொடும். தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைவாசலில் வைக்கிற சாம்பிராணித் தணல் இருப்பதும் தரையில்தான்.

தீ இல்லாமலும் பொறி வரும். 2007 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பார்ட்டன் சால்வென்ட்ஸ் என்ற நிறுவனத்தில் ஓர் இரும்புத் தொட்டியில் எத்தில் அசிடேட் நிரப்பினார்கள். குழாய் முனையைத் தொட்டியின் வாயில் செருகி, நழுவாமல் இருக்க ஓர் எடையை வைத்துவிட்டு ஊழியர் நகர்ந்தார். ‘பட்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தொட்டியைச் சுற்றித் தீ. திரவம் ஓடும்போது சேர்ந்த நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை, குழாய் முனைக்குச் சரியான எர்த் இல்லை என்றது விசாரணை.

நம் கடையில் இதற்குத் தேவை இரண்டு ஒயர், சில கிளிப். பேரலிலிருந்து எர்த் கம்பிக்கு ஒன்று, பேரலிலிருந்து தகர கேனுக்கு ஒன்று. கிளிப் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் கடிக்க விட வேண்டும். பெயிண்ட் மேல் மாட்டினால் மாட்டாததற்குச் சமம். குழாயைத் திறக்கும் முன் மாட்டி, மூடிய பின்தான் கழற்ற வேண்டும். பெயிண்டர் நீட்டுகிற கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கு இந்த வித்தை பலிக்காது; பிளாஸ்டிக்கில் ஏறிய மின்சாரம் ஒயர் வழியாக இறங்காது.

இரட்டைச் சுவர் இரும்பு பீரோ வாங்கினால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். வெளியே தீ பிடித்தால் உள்ளே சூடு ஏறுவதை அது சுமார் 10 நிமிடம் தள்ளிப்போடும். ஆட்கள் வெளியேற அவ்வளவு நேரம். கதவு திறந்தே கிடந்தால் அதுவும் இல்லை. டப்பா ஒழுகினால் தேங்கி நிற்க, வாசலில் உயர்ந்த விளிம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பேரல் அதற்குள் நுழையாது. அதனால் சில்லறைக்கு ஊற்றிக் கொடுப்பதையே விட்டுவிட்டு, கம்பெனி சீல் வைத்த ஒரு லிட்டர் டின்களை மட்டும் பீரோவில் அடுக்கி விற்பது சின்னக் கடைக்குச் சுலபம். லாபம் கொஞ்சம் குறையும், பெயிண்டர்களும் முணுமுணுப்பார்கள்.