மிச்சமும் லாபமும்

சுய உதவிக் குழுவின் தொழில் திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவது, களத்தில் பார்த்த வரையில், பாதிக்கு மேல் கணக்கு வேலைதான். கடன் அதிகாரி தமிழ் தெரியாதவராக இருந்தால் குழுவின் தீர்மான நோட்டும் பேரேடும் அவருக்குப் பேசாது. அவர் கையில் இருப்பது நாம் எழுதித் தரும் தாள் மட்டுமே. அதில் நம்மைக் கவிழ்ப்பவை தினமும் புழங்கும் எளிய சொற்கள். உள்கடனுக்கு ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை வெறும் 2 சதவீதம் என்று எழுதினால் வங்கிக்காரர் ஆண்டு வட்டியாகப் படிப்பார். ஒரு லட்ச ரூபாய் உள்கடனில் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வரும் குழு, அவர் கண்ணில் 2,000 ரூபாய்க் குழுவாகிவிடும்.

அதைவிடச் சிக்கலான சொல் ‘மிச்சம்’. ஓர் அப்பளக் குழுவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உளுந்து மாவு, எண்ணெய், பை எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 3,200 ரூபாய், விற்பனை 5,000, மிச்சம் 1,800. மாதம் 20 நாள் வேலை என்றால் 36,000. இதை ‘ப்ராஃபிட்’ என்று எழுதினால் மூன்று லட்சம் கடன்கூடத் தாங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 1,800-க்குள் ஆறு பெண்கள் நாள் முழுக்கத் தேய்த்துக் காயவைத்த கூலி இருக்கிறது. ஆளுக்கு 250 ரூபாய் என்று அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் குழுவிடம் நிற்பது நாளுக்கு 300, மாதம் 6,000. மூன்று லட்சத்தை மூன்று ஆண்டில் கட்ட, அசல் மட்டுமே மாதம் 8,300-க்கு மேல் வேண்டும். ‘மழைக்காலத்தில் மந்தம்’ என்ற வரியையும் அப்படியே விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம் காயாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வரவு இல்லை என்று மாதம் குறித்தே எழுத வேண்டும்.

எழுதியதை எழுதியபடி தருவதுதானே மொழிபெயர்ப்பு, கணக்கைத் திருத்த உனக்கு யார் உரிமை தந்தார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் எண்ணைத் திருத்தச் சொல்லவில்லை. 36,000 அப்படியே இருக்கட்டும்; ‘உறுப்பினர் கூலி கழிக்கும் முன்’ என்ற சொற்கள் பக்கத்தில் வரட்டும். கூலி எவ்வளவு என்பதைக் குழுக் கூட்டத்தில் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வரியில் எழுத வேண்டும். இப்படி எழுதினால் கடன் குறையும் என்பது இன்னொரு மறுப்பு. குறையும்தான். ஒரு லட்சத்தை இரண்டு ஆண்டில் கட்டினால் மாத அசல் 4,200-க்குள் நிற்கும். வட்டிக்கும் மழை மாதங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். மூன்று லட்சம் வாங்கித் தவணை தவறினால், கட்டியவள் கட்டாதவள் என்ற பேதமில்லாமல் குழு முழுவதற்கும் அடுத்த கடன் நின்றுபோகும்.