சுவரில் ஒன்று, தரையில் ஒன்று

அஞ்சலக வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஒகேனக்கல்லில் வந்து உட்கார்ந்த பிறகு, நான் வளர்க்காமலேயே எனக்கு ஒரு பூனை வளர்ந்தது. மீன் வறுக்கும் கடைப் பக்கம் இருந்து குட்டியாக வந்து, பின்கட்டில் படுத்து, பிறகு ஹாலுக்கு வந்து, கடைசியில் என் நாற்காலியையும் பிடித்துக்கொண்டது. கருப்பன் என்று பேர் வைத்தோம். பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல் போட்டு வைத்தேன். ஒரே நாளில் பழகிக்கொண்டான். இரண்டு வருடம் வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு ஆடி மாதம் கெட்டுப்போனான். காலையில் எழுந்தால் ஹால் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரக்கோடு. மூக்கைத் துளைக்கும் வாடை. அடுத்த நாள் பின்கதவில். அதற்கடுத்த நாள் அரிசி மூட்டையின் பக்கவாட்டில்.

"ஏங்க, டப்பு பக்கத்துலயே இருக்குது, சுவத்துல போறானே! திமிரு பாருங்க" என்றாள் என் மனைவி. எனக்கும் கோபம். விளக்குமாற்றால் இரண்டு அடி போட்டேன். சுவரைக் கருப்பு பினாயில் ஊற்றிக் கழுவினேன். மணல் டப்பை மூன்று இடம் மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. பினாயில் காய்வதற்குள் அதே இடத்தில் மறுபடி கோடு விழுந்தது.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனேன். இளம் வயதுக்காரர். "சார், அவன் போறப்ப நீங்க பார்த்தீங்களா? நின்னுக்கிட்டா, உக்காந்தா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். "பார்த்துட்டு வாங்க. பாதி வைத்தியம் அதுலதான் இருக்குது."

அன்றிரவு விழித்திருந்தேன். இரண்டு மணிக்குக் கருப்பன் ஜன்னலடிக்கு வந்தான். சுவரை மோந்தான். திரும்பி, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றான். வால் கம்பி மாதிரி நிமிர்ந்தது, நுனி மட்டும் நடுங்கியது. பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்தான். ஒரு பீச்சு, அவ்வளவுதான். இன்னொரு பூனையின் மூக்கு வரும் உயரத்தில் கோடு. மண்ணைப் பறிக்கவில்லை, மூடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மணல் டப்புக்குப் போய், குழி பறித்து, உட்கார்ந்து, நிறையப் போய், மூடிவிட்டு வந்தான்.

ஒரே பூனை, ஒரே இரவு, இரண்டு வேலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பில் போனது வயிற்று உபாதை. சுவரில் போட்டது கடிதம். முப்பது வருடம் கடிதம் பிரித்த ஆளுக்கு இது புரிய இத்தனை நாள் ஆயிற்று.

கடிதம் யாருக்கு என்பதும் அன்றே தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, காது கிழிந்த ஒரு பெரிய கடுவன் திண்ணையில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிப் பெருக்குக்கு இங்கே கூடும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வறுத்த மீனின் முள்ளும் தலையும் தெருவெல்லாம் கிடக்கும். எங்கிருந்தோ புதுப் பூனைகள் வந்துவிடும். போதாததற்கு எங்கள் வீட்டு மீன் கழிவையும் பின்கதவு ஓரத்தில்தான் கொட்டி வந்தோம். அந்நியனை வாசலுக்கு அழைத்ததே நாங்கள்தான். கருப்பன் தனக்குத் தெரிந்த மொழியில் "இது என் வீடு" என்று எழுதினான். அதற்குத்தான் அடி வாங்கினான்.

மருத்துவரிடம் சொன்னதும் சிரித்தார். காயடிக்காத கடுவன் வயசுக்கு வந்தால் இப்படிச் செய்வது இயல்பு, பெட்டையும் சில சமயம் செய்யும் என்றார். கடுவன் மூத்திரத்தில் ஃபெலினைன் என்றொரு சரக்கு மிக அதிகம், அது காற்றில் சிதையச் சிதையத்தான் அந்த வாடை ஏறுகிறதாம். அடித்தால் பயம் கூடும், பயந்த பூனை இன்னும் அதிகமாக அடையாளம் போடும். பினாயில் போன்ற கடும் வாடையை ஊற்றினால், தன் எழுத்தை யாரோ அழித்துவிட்டதாக நினைத்து மறுபடி எழுதும். கருப்பு பினாயில் பூனைக்கு விஷமும்கூட. காலில் ஒட்டியதை நக்கினால் அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது.

புலியும் இதையேதான் செய்கிறது. ஒரிசாவின் ஜாஷிப்பூரில் 1974 முதல் சரோஜ் ராஜ் சௌத்ரி என்ற வன அதிகாரி கைரி என்ற பெண் புலியை வீட்டில் வளர்த்தார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரம்மச்சாரி என்ற விஞ்ஞானி அந்தப் புலியைக் கவனித்தார். சாதாரணமாகப் போவது வேறு, வாலைத் தூக்கி மரத்தில் பின்னோக்கிப் பீச்சுவது வேறு என்று பிரித்து ஆராய்ந்தார். பீச்சியதில் பாசுமதி அரிசியின் மணம் வந்ததாம். அரிசிக்கு மணம் தரும் அதே பொருள்தான் அதிலும் இருந்தது. கருப்பனிடம் பாசுமதி மணம் இல்லை என்பது என் துரதிர்ஷ்டம்.

அறுவை செய்துவிட்டோம். பத்தில் ஒன்பது கடுவன்கள் அதோடு நிறுத்திவிடும், ஒன்று நிறுத்தாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு அட்டை ஒட்டி, வெளியே இருப்பது தெரியாமல் செய்தேன். மீன் கழிவைத் தூரத்தில் புதைத்தோம். சுவரைச் சலவைத்தூள் கரைத்த வெந்நீரில் இரண்டு முறை கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றிக் காயவிட்டோம். உடனே நிற்கவில்லை. உடம்பில் இருக்கும் சுரப்பு வற்ற வேண்டுமே. கிட்டத்தட்ட ஒன்றரை மாதத்தில் சுவர் சுத்தமானது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் ஒரு காலை, குளியலறை மிதியடி ஈரமாக இருந்தது. சமையலறைத் தரையில் சில சொட்டு. "பழைய வேலைய ஆரம்பிச்சிட்டான்" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சொட்டுச் சொட்டாகத்தானே இருக்கிறது! ஆனால் ஒன்று உறுத்தியது. சுவரில் எதுவும் இல்லை, எல்லாம் தரையில். பின்னால் போய்ப் பார்த்தேன். கருப்பன் உட்கார்ந்திருந்தான். வால் தாழ்ந்திருந்தது. முக்கினான், ஒன்றும் வரவில்லை. எழுந்து நக்கிக்கொண்டான். ஐந்து நிமிடத்தில் மறுபடி உட்கார்ந்து, அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான்.

அளவு ஏமாற்றும். உட்கார்ந்த விதம் ஏமாற்றாது. சோற்றுக் கூடையில் போட்டு மூடி, கிடைத்த பஸ்ஸைப் பிடித்தோம். மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டார். பை கல் மாதிரி இறுகியிருந்தது. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல். பொடி உப்பும் சளியும் சேர்ந்து அடைத்துவிட்டது. மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்து, சலைன் ஏற்றினார். "நாளைக்குக் கொண்டாந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது சார்" என்றார். இரண்டு நாளில் உயிரே போய்விடும் கோளாறாம் அது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது தண்ணீர்க் கிண்ணம் இரண்டு இடத்தில் வைக்கிறேன். சோற்றிலும் தண்ணீர் கலந்து மீன் பிசைகிறோம். மணலைத் தினமும் கிளறிப் பார்க்கிறேன், ஈரக்கட்டி இருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

உங்கள் வீட்டுப் பூனை கண்ட இடத்தில் போனால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். நின்று சுவரில் பீச்சினால், வெளியே யார் நிற்கிறார் என்று பாருங்கள். உட்கார்ந்து தரையில் போனால், முதலில் டப்பு சுத்தமா என்று பாருங்கள். உட்கார்ந்தும் வரவில்லை என்றால் எதையும் பார்க்காமல் பஸ் ஏறுங்கள்.

இதை எழுதும்போது கருப்பன் என் நாற்காலியில் தூங்குகிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.