செங்கல் வராத பதினாலு நாள்

ஒத்தக்கடையில் மேலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தெருக்கள் சட்டென்று ஒடுங்கிவிடும். எதிரே ஆனைமலை அத்தனை பெரிதாகப் படுத்துக் கிடக்க, அதன் அடிவாரத்து மனைகள் இருபதடி, இருபத்துநாலு அடி அகலத்துக்கு மேல் போவதில்லை. 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை பக்கத்து உலகநேரியில் வந்தபின் காலியாகக் கிடந்த துண்டு நிலங்களிலும் வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. என் வீட்டு மாடி வராண்டாவுக்கு நேர் எதிரே அப்படி ஒரு மனை. அகலம் 24 அடி, நீளம் 45 அடி. முன்னால் 16 அடித் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். கீழே கடை, மேலே இரண்டு தளம் வீடு என்று வானம் தோண்டினார்கள்.

பக்கங்களில் மும்மூன்றடி, முன்னால் ஐந்து, பின்னால் நாலு என்று விட்டது போகக் கட்டடம் 18-க்கு 36. சரக்கு வைக்க மிச்சம் இருப்பது அந்த விளிம்பு மட்டும்தான். தெருவில் கொட்டினால் பள்ளிக்கூட வேன் நின்றுவிடும். எதிர்வீட்டுக்காரனான நானும் வண்டி எடுக்க முடியாது. பொறியாளர் இளைஞர். மேஸ்திரிக்கு அவர் 'தம்பி'. முதல் நாளே வீட்டு வரைபடத்தின் நகல் ஒன்றில் அறைகளை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ள விளிம்பில் மட்டும் பென்சிலால் கட்டம் போட்டு, தகரத் தடுப்பில் ஒட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரக்கின் பெயர், அதன் கீழே அது வர வேண்டிய நேரம். கொத்தனார்கள் முதல் இரண்டு நாள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இடப்பக்க மூன்றடிச் சந்து கம்பிக்கு. 12 மீட்டர் நீளக் கம்பியை நீட்டமாக ஏற்றிய வண்டி இந்தத் தெருவில் திரும்பாது. அதனால் இரண்டாக மடித்து, இருபதடியாகத்தான் வந்தது. மடிப்பு விழுந்த இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தினால் அங்கே கம்பியின் பலம் சந்தேகம். வெட்டு அந்த மடிப்பிலேயே விழும்படி கம்பி கட்டுகிறவரிடம் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார் தம்பி. மண்ணில் படாமல் கட்டைமேல், 8 எம்.எம். தனி, 12 தனி, 16 தனி என்று முனையில் சாயம் அடித்துக் கிடந்தது. வலப்பக்கச் சந்தில் எதுவும் கிடையாது. சிமெண்ட் மூட்டை தோளில் போவதும் தள்ளுவண்டி வருவதும் அந்த மூன்றடியில்தான். ஒரு மத்தியானம் சென்ட்ரிங் ஆட்கள் அதில் நாலு ஷீட்டைச் சாத்திவைத்தார்கள். மேஸ்திரி பார்த்ததும், "இங்கிட்டு வைக்காதீங்கப்பா, எடுங்க எடுங்க" என்று தானே ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முன்பக்க ஐந்தடிதான் பெரிய கணக்கு. எம் சாண்ட் ஒன்றரை யூனிட்டைச் சும்மா கொட்டினால் பன்னிரண்டடி விட்டத்துக்குப் பரந்து, பாதி தெருவில் நிற்கும். அதையே மூன்று பக்கம் சிமெண்ட் கல் அடுக்கி ஒரு தொட்டி மாதிரி கட்டிவிட்டால், ஐந்தடிக்குப் பத்தடி இடத்தில் மூன்றடி உயரத்தில் அடங்கிவிடுகிறது. அடுக்கிய கல்லும் வீண் இல்லை, பின்னால் காம்பவுண்டுக்குப் போய்விடும். மழைக்கு மணல் கரைந்து பக்கத்து வீட்டு வாய்க்காலில் இறங்குவதும் நின்றது. பக்கத்தில் நாலடி வழி விட்டு, மீதி பத்தடி செங்கலுக்கு. நட்டமாக வைத்துப் பத்து வரிசைக்கு மேல் போகாமல் அடுக்கினால் இரண்டாயிரம் கல் கொள்ளும். அதற்கு மேல் ஒரு நடையில் வரக்கூடாது என்று சூளைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

சிமெண்ட் பின்பக்கத் தகரக் கொட்டகையில். பலகை தரையிலிருந்து அரையடி உயரம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். நாலடி இடத்தில் அது நடக்காது. அதனால் ஓரடி விட்டு, மூட்டைகளைப் பாலித்தீன் தாளால் சுற்றி மூடினார்கள். அடுக்கு பத்து மூட்டைக்கு மேல் ஏறவில்லை. ஏறினால் அடிமூட்டை அழுத்தத்திலேயே கட்டி தட்டும். அந்தக் கட்டியை விரல் நடுவில் வைத்து நசுக்கினால் மாவாகிவிடும், பயன்படுத்தலாம். நசுங்காத கட்டி ஈரம் குடித்தது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மேஸ்திரி ஒவ்வொரு மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கைவிட்டு ஒரு துழாவு துழாவியபின்தான் கொட்டச் சொல்வார். நாற்பது மூட்டைக்கு மேல் இருப்பு வைக்கவே இல்லை. தீரத் தீர வந்தது.

கீழ்த்தளத்துக் கூரை போடும் நாள் நெருங்கியபோதுதான் தடுப்பில் ஒட்டிய அந்தத் தாளின் அருமை தெரிந்தது. உத்திரத்தோடு சேர்த்துப் பத்தரை கன மீட்டர் கான்கிரீட். தளத்திலேயே கலப்பது என்றால் சுமார் 85 மூட்டை சிமெண்ட், ஒன்றேமுக்கால் யூனிட் மணல், மூன்றேகால் யூனிட் ஜல்லி. ஜல்லி மட்டுமே பதினைந்தடி விட்டத்துக்கு விரியும். அத்தனையும் ஒரே நாள் முன்னதாக வந்து நிற்க வேண்டும். கலவை இயந்திரம் வேறு. இடமே இல்லை. ரெடிமிக்ஸ் விலை கூட என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். தம்பி வாதாடவில்லை. சாக்பீஸை எடுத்துத் தெருவில் ஜல்லிக் குவியலின் வட்டத்தைப் போட்டுக் காட்டினார். கோடு எங்கள் வாசல்படி வரை வந்தது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி. நீதிமன்றத்துக்கும் விவசாயக் கல்லூரிக்கும் போகிற கூட்டம் மேலூர் சாலையை அடைப்பதற்குள் இரண்டு வண்டியும் காலியாகிப் போயிருக்க வேண்டும் என்பது கணக்கு. பதினாறடித் தெருவில் இரண்டு மிக்சர் நிற்காது. இரண்டாவது, பெரிய சாலையிலேயே நின்று போனுக்குக் காத்திருந்தது. கலந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பதால் ஓட்டுநர் நீட்டிய சீட்டில் தம்பி முதலில் பார்த்தது நேரத்தைத்தான். குழாய் வழியாகக் கலவை மேலே ஏறியது. எட்டு மணிக்குத் தெருவைக் கழுவிவிட்டார்கள். பள்ளிக்கூட வேன் வழக்கமான நேரத்துக்கு வந்து போயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்தப் பதினாலு நாள். கூரை போட்டாயிற்று, கீழே நிழலும் இடமும் கிடைத்துவிட்டது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றரை அடிக்கு ஒரு முட்டு. கடை என்பதால் நடுவில் தூண் கிடையாது; உத்திரம் பதினெட்டடி பாய்கிறது. ஆறு மீட்டருக்கு உட்பட்ட உத்திரத்துக்கு முட்டு பதினாலு நாள் நிற்க வேண்டும் என்பது விதி. ஆக, உள்ளே சரக்கு வைக்க முடியாது. முன்பக்கத்தில் பாதிக்கு, பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கட்டடத்தின் மொத்தக் காலத்திலும் ஒரு கைப்பிடி இடம்கூட மிஞ்சாத நாட்கள் இவைதான். பென்சில் தாளில் இந்த இரண்டு வாரத்துக்கு நேரே, 'லோடு இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை எட்டே முக்காலுக்குச் செங்கல் லாரி வந்து நின்றது. சூளையில் கல் வெந்துவிட்டது, வண்டியும் சும்மா இருந்தது, அனுப்பிவிட்டார்கள். பின்னால் பள்ளிக்கூட வேன், அதற்குப் பின்னால் இரண்டு ஆட்டோ. ஹார்ன் சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் வந்து இறங்கிய வீட்டுக்காரர் மேலே கை காட்டினார்.

"மேல எவ்வளவு எடம் கிடக்கு மேஸ்திரி, ஏத்திற வேண்டியதுதானே?"

"அண்ணே, அது அஞ்சு நாள் புள்ளைண்ணே. கீழ முட்டு நிக்கிறதால அது நிக்குது."

வீட்டுக்காரர் விடவில்லை. தம்பி சிமெண்ட் மூட்டைத் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார். ஒரு கல் மூன்று கிலோ, இரண்டாயிரம் கல் ஆறு டன். ஐந்தடிக்குப் பத்தடி இடத்தில் அடுக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரத்து முந்நூறு கிலோ விழுகிறது. மேலே வீடு என்பதால் அந்தத் தளம் மேல்சுமையாகக் கணக்கில் வைத்திருப்பது சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ. அதுவும் முழுதாக இறுகிய பிறகு. எழுதிய தாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். விரிசல் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடுவதில்லை. முட்டைப் பிரித்தபின் அடிப்பக்கத்தில் மயிரிழையாக ஆரம்பித்து, பூச்சையும் தாண்டி வரும்.

வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார், முட்டுகளைப் பார்த்தார். லாரி பின்வாங்கி நரசிங்கம் பக்கம் அவர் சொந்தக்காரர் காலி இடத்துக்குப் போயிற்று. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டு முறை. இரண்டு முறை கைமாறியதில் மூலை உடைந்த கல் வேறு. அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. ஆனால் அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து சூளைக்கு அவரே போன் செய்ய ஆரம்பித்தார்.

பதினைந்தாம் நாள் முட்டு பிரிந்தது. உத்திரத்தின் அடியில் மட்டும் சிலதைத் திரும்ப நிறுத்தினார்கள். சிமெண்ட் கொட்டகையிலிருந்து உள்ளே வந்தது. செங்கல் விடிகாலையில் வந்து, தரையிலேயே தூண்களை ஒட்டி அடுக்கப்பட்டது. மேல்தளத்துக்குச் சின்னச் சின்னதாக, ஒரு நாள் வேலைக்கு வேண்டிய கல் மட்டும் ஏறியது. அதையும் நடுவில் குவிக்காமல் உத்திரத்தின் மேலேயே பரப்பி வைத்தார்கள். அடுத்த கூரை போடும்போது முட்டுக் காடு மேலே நிற்கும். கீழ்த்தளம் கிடங்காக இருக்கும். இந்த இடப் பஞ்சம் ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு முறைதான் வருகிறது, முதல் கூரைக்குப் பின்னால்.

இருபத்துநாலு அடி மனையில் கட்டப் போகிறவர்கள் ஒப்பந்தம் பேசுகிற அன்றே பொறியாளரிடம் அந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்போது கல் எங்கே நிற்கும், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். எழுதிய தாளின் நகல் ஒன்றைச் சூளைக்காரரிடமும் கொடுத்துவிடுங்கள்.