பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில்

சனிக்கிழமை காலை 9 இலிருந்து 12 வரை குண்டசாலையில் புலமைப்பரிசில் வகுப்பு. 1 மணிக்கு கண்டி டவுனில் ஒரு புத்தகக்கடையில் காசாளர் வேலை. ஃபோன் கலண்டரில் வகுப்பு பச்சை, கடை நீலம். இரண்டுக்கும் நடுவில ஒரு மணித்தியாலம் வெள்ளையாகக் கிடந்தது. மோதலே இல்லை என்று நினைச்சேன்.

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். வகுப்பு முடிந்தும் ஒரு அம்மா மகனின் கணக்கைப் பற்றிக் கேட்டதில் 12.15 ஆகிட்டு. பஸ்ஸுக்கு 15 நிமிடம் நின்றேன். தென்னக்கும்புர பாலத்தடியில் வாகனம் நகரவே இல்லை. கடைக்குள் நுழையும்போது 1.25. அரைநாள் சம்பளம் போச்சு. கடையில இருந்த அண்ணா சொன்னார்: "தங்கச்சி, வகுப்பு எப்ப முடியும்ணு எனக்குத் தேவையில்ல. இங்க எத்தனைக்கு நிப்பீங்கன்னு சொல்லுங்க."

கோபம் வந்தாலும் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் வேலை நேரத்தை மட்டும் எழுதியிருந்தேன், பயணத்தை எழுதவில்லை. அதுவும் வகுப்பு முடிய வேண்டிய நேரத்தை எழுதினேன், முடிகிற நேரத்தை அல்ல.

பிறகு நான்கு சனிக்கிழமை, வகுப்பை விட்டு வெளியே வந்த நேரத்தையும் கடை வாசலை மிதித்த நேரத்தையும் குறித்தேன். 40, 50, 45, 70 நிமிடங்கள். சராசரி 51 தான். ஆனால் சராசரியை நம்பினால் அந்த 70 நிமிட நாளில் திரும்பவும் பிந்துவேன். அதனால் ஆகக்கூடியதை எடுத்து, 5 கூட்டி, 75 என்று வைத்தேன்.

இப்போது இரண்டு வேலையும் ஒரே ஷீட்டில். A இல் தொடக்கம், B இல் முடிவு, C இல் இடம். தொடக்கத்திலும் முடிவிலும் திகதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளி இரவும் சனி காலையும் குழம்பும். A இன்படி வரிசைப்படுத்திவிட்டு, மூன்றாம் வரியில் இதைப் போட்டு கீழே இழுத்தால் போதும்:

```
=IF(ROUND((A3-B2)*1440,0)<IF(C3=C2,0,75),"மோதல்","")
```

மேல் வரியின் முடிவுக்கும் இந்த வரியின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறது. இடம் மாறினால் 75 நிமிடம் கேட்கும். 12.15 க்கு முடிந்து 1 மணிக்குத் தொடங்கினால் 45 தான், உடனே "மோதல்" என்று வரும். கடைக்காரரிடம் 1.30 க்கு மாற்றிக் கேட்டேன், மாலையில் அரைமணி கூட நிற்பதாகச் சொன்னதும் சரி என்றார்.

ஷீட்டுக்குத் தெரியாதது ஒன்று: வாய்ப்பேச்சு. கூட வேலை செய்யும் அக்கா "அடுத்த ஞாயிறு எனக்காக நில்லுங்களேன்" என்று கேட்டால், எழுதும் வரை பதில் சொல்வதில்லை. "பார்த்துச் சொல்றன் அக்கா" என்பேன். அவ முகம் சுருங்கும்தான்.

எசல பெரஹராவுக்கு டவுன் வீதிகளை மூடும் நாட்களில் 75 உம் போதாது. அந்தப் பத்து நாளுக்கு கடையில் பின்னேர வேலை வேண்டாமென்று இப்பவே சொல்லி வைத்திருக்கிறேன்.