பலகை தெரியாத பிள்ளை: கண்ணாடி, வெளிச்சம், கண் பரிசோதனை



பெற்றோர் கூட்டங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "சேர், இந்த வயசிலேயே கண்ணாடி போட்டா பவர் கூடிக்கிட்டே போகும் எண்டு சொல்றாங்களே, உண்மையா?" கேட்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த கண்ணாடியை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் உம்மம்மா பக்கத்தில் இருந்து இன்னொரு கவலையையும் சொல்வார்: "நாளைக்கு கலியாணம் பேச வாற நேரம் என்ன சொல்றது?" அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில், தூரப் பார்வை மங்கும்போது கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிட்டப் பார்வை உள்ள பிள்ளையின் கண் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுகிறது. கண் ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டாலே ஏறத்தாழ இரண்டரை பவர் கூடிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்கி வராது. கரட், கீரை எல்லாம் உடம்புக்கு நல்லது, ஆனால் நீண்ட கண்ணை அவை குறுக்காது.

பிள்ளை வளரும்போது கண்ணும் வளர்வதால் பவர் கூடுகிறது. சப்பாத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் வாங்கியது டிசம்பரில் இறுக்கமாகிறது. சப்பாத்து போட்டதால் கால் வளர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடியும் அப்படித்தான். அது கண்ணை நீட்டுவதில்லை, நீண்ட கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுகிறது. அதே நேரம், சாதாரண கண்ணாடி கண் நீளுவதை நிறுத்தவும் மாட்டாது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் பவர் கூடும்போது கண்ணாடியின் மேல் பழி விழாது.

"அப்படியெண்டா கொஞ்சம் குறைச்சுப் போடுவமா?" என்றும் கேட்பார்கள். மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு முழுப் பவரும், மறு பகுதிக்குக் குறைத்த பவரும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் முழுப் பவர் போட்டவர்களுக்கு சராசரியாக 0.77 கூடியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 கூடியது. 2002இல் இது வெளியானது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை, வித்தியாசமும் பெரிதல்ல. ஆனாலும் குறைத்துப் போடுவது பாதுகாப்பான வழி என்று நம்பிப் பிள்ளையை மங்கலில் இருத்த அவற்றில் போதுமான காரணம் இல்லை. டொக்டர் எழுதிய பவரையே போடுங்கள்.

இனி ஒரு பிள்ளையின் கதை. பெயர் வேண்டாம். தரம் 5 மாணவி. தரம் 4இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வை சரி என்று வந்தது. அடுத்த வருடம் இரண்டாம் தவணையில் வகுப்புக் கணக்குகள் பிழைக்கத் தொடங்கின. பலகையில் 3 இருந்தால் கொப்பியில் 8 இருக்கும். ஆனால் அச்சடித்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளைக் கொடுத்தால் நன்றாகச் செய்வாள். இதுதான் துப்பு. பலகையில் இருந்து எழுதும் வேலையில் பிழை, கையில் இருக்கும் தாளில் பிழை இல்லை என்றால் கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் கண்ணைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, வீட்டில் டிவிக்குக் கிட்டப் போய் இருப்பது எல்லாம் அதே ரகம்தான். "எனக்குத் தெரியவில்லை" என்று பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

"சோதினை முடியட்டும் சேர், பிறகு காட்டுவம்" என்றார் வாப்பா. சோதினைக்கு நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதமும் பலகை தெரியாமல் அவள் எதைப் படிப்பாள் என்று நாங்கள் கேட்டோம். அந்தக் கிழமையே டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். மெஷினில் பார்த்து இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.25 என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி செய்ய முன் அரசாங்க ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில் ஒரு தரம் காட்டுங்கள் என்றோம். அங்கே கண்ணில் மருந்து விட்டு, காத்திருக்க வைத்துப் பார்த்தார்கள். வந்தது மைனஸ் 1.25.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? கிட்ட இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகும். பிள்ளைகளிடம் அந்தத் தசை மிகவும் பலமானது. மெஷினுக்குள் உற்றுப் பார்க்கும்போதும் அது இறுகிவிடும். அப்போது இல்லாத மைனஸ் இருப்பது போலக் காட்டும். மருந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது, அப்போதுதான் உண்மையான அளவு வரும். ஆகவே பிள்ளையின் முதல் கண்ணாடி மருந்து விட்டுப் பார்த்துத்தான் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். மருந்து விட்டால் அன்றைக்குக் கிட்ட எழுத்து மங்கும், வெயில் கூசும். பெரும்பாலும் அடுத்த நாள் சரியாகிவிடும். சோதினைக்கு முதல் நாள் மட்டும் போக வேண்டாம்.

கண்ணாடி வந்த முதல் நாள் அவள் பின் வாங்கில் இருந்தே பலகையை வாசித்தாள். ஆறு மாதத்தில் மைனஸ் 1.50, ஒரு வருடத்தில் 1.75. "பார்த்தீங்களா, கூடிட்டுது" என்றார் உம்மா. வருடத்துக்கு அரைப் பவர் கூடுவது இந்த வயதில் சாதாரணம். கண்ணாடியை அலுமாரியில் வைத்திருந்தாலும் கூடியிருக்கும், அவளுக்குத் தெரியாமல் கூடியிருக்கும்.

பவர் வருவதைத் தடுக்க அல்லது பிந்த வைக்க வழி உண்டா? ஒன்று உண்டு, காசும் இல்லை: பகல் வெளிச்சம். சீன வம்சத்து 6, 7 வயதுப் பிள்ளைகளை சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார்கள். சிங்கப்பூரில் 100 பிள்ளைகளில் 29 பேருக்குக் கிட்டப் பார்வை, சிட்னியில் 3 பேருக்கு மட்டும். சிட்னிப் பிள்ளைகள் குறைவாக வாசித்தவர்களும் அல்ல. பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரம்: சிட்னியில் கிழமைக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலம், சிங்கப்பூரில் 3. பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு. மூன்று வருடம் கழித்து வழமை போல இருந்த பாடசாலைகளில் 100க்கு 40 பேருக்குக் கிட்டப் பார்வை வந்திருந்தது, வெளியில் விட்ட பாடசாலைகளில் 30 பேருக்கு. 

விளையாட்டை விட வெளிச்சம்தான் முக்கியம் என்று கருதுகிறார்கள். வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலிலேயே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே நடுப்பகல் வெயிலில் நிற்கத் தேவையில்லை. வேப்ப மர நிழலில் கதைத்துக்கொண்டிருந்தாலும் போதும், தொப்பியும் போடலாம். ஆனால் ஓர் எல்லை உண்டு. வெளிச்சம் கிட்டப் பார்வை வராமல் காப்பதில்தான் பலமானது. வந்த பிறகு அது கூடுவதைத் தடுப்பதில் அதன் பலன் குறைவு. வேகமாகக் கூடும் பிள்ளைகளுக்கு விசேட சொட்டு மருந்தும் விசேட வில்லைகளும் இருக்கின்றன, அதைக் கண் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பாருங்கள். ஒன்றரைக்குப் பாடசாலை முடிகிறது. சாப்பிட்டு, இரண்டரைக்கு டியூசன். நாலரைக்கு ஓதப் போகிறார்கள். வரும்போது மஃரிப். அந்த மாணவியின் நாளை அவளோடு இருந்து கூட்டினோம்: வேனில் வருகை, இடைவேளையிலும் வகுப்புக்குள். பகல் வெளிச்சத்தில் அவள் இருந்தது 15 நிமிடம். சிபாரிசு செய்யப்படுவது நாளுக்கு இரண்டு மணித்தியாலம். இப்போது இடைவேளை 20 நிமிடமும் மரத்தடியில், வேனை விட்டு நடந்து வருவதில் 30 நிமிடம், கிழமையில் இரண்டு நாள் டியூசனை விட்டு அஸர் முதல் வெளியில். அவளுடைய தம்பி தரம் 1. அவனுக்குத்தான் இதனால் கூடுதல் பலன்.

எப்போது பரிசோதிப்பது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பெரும்பாலும் கிட்டப் பார்வை தொடங்குவது எட்டில் இருந்து பன்னிரண்டு வயதுக்குள். தரம் 4க்கும் 7க்கும் இடையில் மூன்று வருடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் வருடத்துக்கு ஒரு தரம் நீங்கள் காட்ட வேண்டும், உம்மாவோ வாப்பாவோ கண்ணாடி போடுபவராக இருந்தால் கட்டாயம். பாடசாலை தொடங்க முன் நாலு, ஐந்து வயதிலும் ஒரு தரம் காட்டுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும், அதைச் சின்ன வயதில் திருத்துவதுதான் இலகு. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடியும்.

வீட்டிலும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஆங்கில 'ஈ' எழுத்தை ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் உயரத்திலும் அதே அகலத்திலும் வரையுங்கள். கோடுகளும் இடைவெளிகளும் மூன்றரை மில்லிமீற்றர். நல்ல வெளிச்சத்தில் 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி நின்று, அதன் கால் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்டட்டும். ஒவ்வொரு தரமும் தாளைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் பாடமாக்கிவிடும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூட வேண்டும், விரல் இடுக்கால் களவாகப் பார்க்கும். ஒரு கண்ணுக்காவது தெரியாவிட்டால் கிளினிக்குக் கொண்டு போங்கள். தெரிந்தாலும் கண் முழுக்க நல்லது என்று அர்த்தமில்லை. சிறிய பவர் இதில் தப்பிவிடும்.

தரம் 5, 6 பெற்றோர் இந்தத் தவணைக்குள் ஒரு தரம் காட்டிவிட்டு, டொக்டர் என்ன சொன்னார் என்று வகுப்பாசிரியருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள். வாங்கில் எங்கே இருத்துவது என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் தீர்மானிப்போம்.